பனையோலைக் கூடைக்கு டொலரில் விலை சொல்வது எப்படி: கொழும்பிலிருந்து ஹம்பர்க் வரை ஒரு கணக்கு

கைப்பணிப் பொருளை முதன்முதலாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள், கொழும்பில் கடைக்குக் கொடுக்கும் ரூபாய் விலையை அன்றைய டொலர் வீதத்தால் பிரித்து, மேலே கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடுவதுண்டு. அந்த விலைக்குள் மூன்று விடயங்கள் அடங்கவில்லை: பொருள் கப்பலில் பிடிக்கும் இடம், பணம் கைக்கு வரும் நாளில் டொலர் நிற்கப்போகும் இடம், வாங்குபவர் தன் நாட்டில் கட்டும் தீர்வை. இவற்றோடு அங்குள்ள கையாளல் செலவும் கடைக்காரரின் இலாபமும் வரியும் சேர்ந்தால், இங்கே 23 டொலருக்குப் போகும் கூடைச் செட் அங்கே கடைத் தட்டில் 80 டொலருக்கு நிற்கும். வாங்குபவர் பார்ப்பது அந்த 80ஐத்தான். ஆகவே விலை போடும்போது நீங்களும் அதுவரை நடந்து பார்க்கவேண்டும்.

எடுத்துக்காட்டாக ஓர் ஓடரை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் பின்னிய பனையோலைக் கூடைகள், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று கொண்ட செட், மொத்தம் 120 செட். கொழும்புத் துறைமுகத்திலிருந்து ஜேர்மனியின் ஹம்பர்க்கில் உள்ள ஒரு சிறிய வீட்டலங்காரக் கடைக்குப் போகிறது. கீழே வரும் செலவுத் தொகைகளும் நாணயமாற்று வீதங்களும் கணக்கை விளக்க எடுத்துக்கொண்டவை. அந்த இடங்களில் உங்கள் தொகைகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்டியை அளவுங்கள்

விலைக்கணக்கைப் பின்னல் கூலியில் தொடங்குவதே வழக்கம். கூடை போன்ற பொருளுக்குக் காட்போட் பெட்டியில் தொடங்குவதுதான் சரி. கூடை எடை குறைந்தது, ஆனால் உள்ளே வெற்றிடம் நிறைந்தது. கப்பல்காரரும் கூரியர்காரரும் அந்த வெற்றிடத்துக்குத்தான் காசு வாங்குகிறார்கள்.

நம் செட்டில் பெரிய கூடை 30 செ.மீ. விட்டம், 28 செ.மீ. உயரம். நடுக்கூடை 26க்கு 25, சிறியது 22க்கு 22. மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதால் ஒரு செட் பிடிக்கும் இடம் பெரிய கூடையின் இடம் மட்டுமே. மூன்றையும் தனித்தனியே அடுக்கினால் இதைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் இடம் வேண்டும். கைப்பிடி வைக்கிறீர்கள் என்றால் அது உள்ளே மடங்கவேண்டும். விறைப்பாக மேலே நீட்டி நிற்கும் கைப்பிடி 4 செ.மீ. உயரத்தைக் கூட்டுவதோடு, அடுத்த கூடை உள்ளே இறங்குவதையும் தடுத்துவிடும். பின்னத் தொடங்குமுன் பின்னுபவரோடு பேசித் தீர்க்கவேண்டிய விடயம் இது.

வெளி அளவு 64 × 64 × 62 செ.மீ. உள்ள பெட்டியில் 8 செட் அடங்கும். 120 செட்டுக்கு 15 பெட்டி. ஒரு பெட்டி 0.254 கன மீட்டர், 15 பெட்டியும் சேர்ந்து 3.81 கன மீட்டர். ஒரு பெட்டியின் எடை ஏறத்தாழ 11.5 கிலோ.

இதையே கூரியரில் அனுப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.இல் பெருக்கி 5000ஆல் வகுத்து ஓர் எடையை எடுக்கின்றன. அதுவும் உண்மை எடையும் இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் பில் வரும். நம் பெட்டிக்கு 64 × 64 × 62 ÷ 5000 = 50.8, அதாவது 51 கிலோ. 11.5 கிலோ பெட்டிக்கு 51 கிலோவின் கட்டணம். மாதிரிக்கு ஒரு செட் அனுப்பக் கூரியர் சரி, ஓடருக்குச் சரிவராது.

கடலில், முழுக் கொள்கலன் எடுக்காமல் மற்றவர்களின் சரக்கோடு சேர்த்து அனுப்பும்போது, ஒரு கன மீட்டர் அல்லது 1000 கிலோ, இதில் எது கூடவோ அதன்படி கட்டணம். கூடைக்கு எப்போதும் கன மீட்டர்தான் முந்தும். ஒரு கன மீட்டருக்குக் குறைந்த சரக்குக்கும் பொதுவாக ஒரு கன மீட்டர் கட்டணம் எடுப்பார்கள்.

இங்கே பலருக்கும் கணக்குத் தவறும் இடம் ஒன்று உண்டு. பெட்டி செய்பவர் சொன்ன அளவை வைத்துக் கணக்குப் போட்டுவிடுவார்கள். கூடையைத் திணித்து ரேப் ஒட்டியதும் பெட்டியின் வயிறு வீங்கும். சரக்குச் சேர்க்கும் களஞ்சியத்தில் அந்த வீங்கிய இடத்தில்தான் நாடாவை வைத்து அளப்பார்கள். 64 × 64 × 62 என்று நீங்கள் எழுதிய பெட்டி அங்கே 67 × 67 × 65 ஆகிவிட்டால் 3.81 கன மீட்டர் 4.38 ஆகும். கணக்கில் 15 வீதம் அங்கேயே போய்விடும். ஐந்தடுக்குக் காட்போட் எடுங்கள். முதல் பெட்டியை முழுதாகக் கட்டி, ரேப் ஒட்டி, ஓர் இரவு விட்டு, மறுநாள் வயிற்றுப் பக்கத்தில் அளந்த அளவைத்தான் விலைக்கணக்கில் எழுதவேண்டும்.

ரூபாய்ச் செலவு

ஒரு செட்டுக்கு ஓலையும் சாயமும் 800 ரூபாய், பின்னல் கூலி 2,400, முடிப்பு வேலையும் தரச் சோதனையும் 300 என்று வைப்போம். மொத்தம் 3,500. இதில் 5 வீதம் கழிவு போகும்: சாயம் ஏறாதது, வாய் வட்டம் கோணியது, ஓலை வெடித்தது. கழிவுக்கு 5 வீதத்தைக் கூட்டினால் போதாது. 100 பின்னினால் 95தான் விற்கப்போகிறீர்கள் என்பதால் 3,500ஐ 0.95ஆல் வகுக்கவேண்டும். ஏறத்தாழ 3,685 வரும், அதாவது கழிவுக்கு 185 ரூபாய்.

பெட்டி, ஈரமுறிஞ்சிப் பை, லேபல் எல்லாம் சேர்த்து 225. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு லொறிக்கூலி செட்டுக்கு 200. வாடகை, மின்சாரம், தொலைபேசி, அனுப்பிய மாதிரிகள், கைமாற்றுக் கடனின் வட்டி ஆகியவற்றுக்கு 390. ஆக 4,500 ரூபாய்.

இதற்குமேல் கொழும்பில் கப்பலேற்றும் செலவு வருகிறது. சுங்க முகவரின் கூலி, ஆவணங்கள், களஞ்சியக் கட்டணம், களஞ்சியம் வரை வாகனம், வங்கிக் கட்டணம் எல்லாம் சேர்ந்து இந்தச் சரக்குக்கு 66,000 ரூபாய் என்று வைப்போம். 120ஆல் வகுத்தால் செட்டுக்கு 550. இந்தத் தொகை செட்டின் எண்ணிக்கையோடு பெரிதாக ஏறி இறங்காது. 60 செட் மட்டும் அனுப்பினால் செட்டுக்கு 1,100 ரூபாயாகிவிடும். சிறிய ஓடருக்கும் பெரிய ஓடருக்கும் ஒரே விலை சொல்லக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கப்பலேற்றிய நிலையில் அடக்கம் 5,050 ரூபாய்.

இலாபம் விற்பனை விலையில் 25 வீதம் வேண்டுமென்றால் 5,050ஐ 0.75ஆல் வகுக்கவேண்டும்: 6,733. அடக்கத்தின்மேல் 25 வீதம் கூட்டினால் 6,312தான் வரும், அதில் உண்மை இலாபம் 20 வீதமே. வாங்குபவர் பின்னர் 5 வீதம் விலைக்கழிவு கேட்கும்போது இந்த வித்தியாசம்தான் வலிக்கும்.

டொலராக மாற்றும் வீதம்

இணையத்தில் காட்டும் நடுவீதத்தை எடுக்காதீர்கள். உங்களிடமிருந்து வங்கி டொலரை வாங்கும் வீதம்தான் உங்களுடையது. மத்திய வங்கி ஒவ்வொரு வேலைநாளும் கொள்வனவு, விற்பனை வீதங்களைத் தனித்தனியே வெளியிடுகிறது. உங்கள் வங்கியின் கொள்வனவு வீதம் அதிலிருந்து சற்று விலகியிருக்கலாம், வங்கியிடமே கேளுங்கள். இன்றைய வீதம் 300 என்று வைத்தால், விலைக்கணக்குக்கு 290ஐ எடுப்பது நல்லது. 6,733 ÷ 290 = 23.2. ஆகவே கொழும்பில் கப்பலேற்றிய விலை செட்டுக்கு 23.20 டொலர்.

ஏன் இந்த இடைவெளி? ரூபாய் விழுந்தால் ஏற்றுமதியாளருக்கு இலாபம் என்பது எல்லோருக்கும் தெரியும். 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாய்ப் பக்கத்திலிருந்து மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டபோது, பழைய விலையில் ஓடர் வைத்திருந்தவர்கள் கையில் ரூபாய் குவிந்தது. மறுபக்கம் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. 2023 தொடக்கத்தில் 360ஐத் தாண்டி நின்ற டொலர், அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் 300ஐ ஒட்டி இறங்கியது. 360 வீதத்தில் இதே கூடைக்கு விலை போட்டிருந்தால் 18.70 டொலர் சொல்லியிருப்பீர்கள். பணம் 300இல் வந்தால் கைக்கு 5,610 ரூபாய். அடக்கம் 5,050. எதிர்பார்த்த 1,683 ரூபாய் இலாபத்தில் மிஞ்சுவது 560. டொலர் ஆறில் ஒரு பங்கு இறங்கியதற்கு இலாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. கூலியும் ஓலையும் ரூபாயில் ஏற்கெனவே கொடுத்து முடிந்துவிட்டதால், இறக்கம் முழுவதையும் இலாபம் மட்டுமே தாங்குகிறது.

சிறிய ஏற்றுமதியாளருக்கு இதற்கெதிராக உள்ள சிறந்த காப்பு முற்பணம். டொலர் வீதத்தை முன்கூட்டியே உறுதிசெய்து வங்கியோடு செய்யும் முன்வீத ஒப்பந்தம் உண்டு. ஆனால் இரண்டாயிரம், மூவாயிரம் டொலர் ஓடருக்கு அந்த அலைச்சல் பெரும்பாலும் பெறுமதியில்லை. ஓடர் உறுதியானதும் 50 வீதம் வாங்கினால் செட்டுக்கு 11.60 டொலர். அன்றைய 300இல் மாற்றினால் 3,480 ரூபாய், அதாவது அடக்கத்தில் ஏறத்தாழ 70 வீதம். பின்னல் கூலியையும் ஓலையையும் அதிலேயே கொடுத்துவிடலாம். மீதி 11.60 டொலர் வரும்போது டொலர் 265க்கு இறங்கியிருந்தாலும் 3,074 ரூபாய் கிடைக்கும். இரண்டையும் கூட்டி அடக்கத்தைக் கழித்தால் இலாபம் 1,504. வீதம் 300இலிருந்து அவ்வளவு விழுந்தும் கணக்கு நிற்கிறது.

வாங்குபவர் யூரோவில் விலை கேட்டால், யூரோவின் ஏற்ற இறக்கமும் உங்கள் தலையில் வரும். கப்பல்கூலி டொலரில்தான் பேசப்படுவதால் டொலரிலேயே நிற்பது எளிது. அவர் விடாப்பிடியாக இருந்தால் யூரோவில் கொடுங்கள், ஆனால் விலை செல்லுபடியாகும் காலத்தைச் சுருக்குங்கள். வீதம் ஏறும் என்று டொலரை வங்கிக் கணக்கில் வைத்துக் காத்திருக்கும் எண்ணமும் வேண்டாம். ஏற்றுமதிப் பணம் நாட்டுக்குள் வரவேண்டிய காலத்துக்கும், அதை ரூபாயாக மாற்றவேண்டியதற்கும் மத்திய வங்கி விதிகள் உண்டு. நடப்பு விதியை வங்கியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குபவரின் பக்கம்

இப்போது ஹம்பர்க்கில் நின்று பாருங்கள். 120 செட்டுக்கு 23.20 வீதம் 2,784 டொலர். கப்பல்கூலி 240, காப்புறுதி 20. துறைமுகத்தில் சேரும்போது 3,044. ஐரோப்பிய ஒன்றியம் தீர்வையை இந்த 3,044இன் மேல்தான் கணக்கிடுகிறது. கப்பல்கூலிக்கும் சேர்த்தே தீர்வை விழுகிறது என்று பொருள். அமெரிக்காவில் அப்படியல்ல, அங்கே சர்வதேசக் கப்பல்கூலியும் காப்புறுதியும் தீர்வைக் கணக்கில் சேராது. ஆகவே கப்பல்கூலியை விலைச்சிட்டையில் தனி வரியாக எழுதுவது எப்போதும் நல்லது.

சுங்கம் பொருட்களை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டில் பின்னிய கூடைகள் 4602. பனையோலை போன்ற தாவரப் பொருளில் செய்தவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வழமையான தீர்வை 3.7 வீதம். இலங்கைக்கு ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை இருப்பதால் அது பூச்சியமாகிறது. சலுகை தானாக வராது. பொருள் இலங்கையில் உருவானது என்ற கூற்றை, விதியில் உள்ள சொற்களை ஒரு சொல்லும் மாற்றாமல், உங்கள் விலைச்சிட்டையில் எழுதவேண்டும். சரக்கின் பெறுமதி 6,000 யூரோவுக்கு உட்பட்டால் எந்த ஏற்றுமதியாளரும் இதை எழுதலாம். அதற்கு மேலென்றால் பதிவு செய்த ஏற்றுமதியாளர் இலக்கம் தேவை, அதற்குக் கொழும்பில் வர்த்தகத் திணைக்களத்தை அணுகவேண்டும். கூற்றை எழுத மறந்தால் நம் சரக்குக்கு 113 டொலர் தீர்வை விழும், செட்டுக்கு ஏறத்தாழ ஒரு டொலர். கூடைக்கு இது சிறிய தொகை. பத்திக் சட்டை அனுப்புகிறவருக்கு ஆடைகளின் வழமையான தீர்வை 12 வீதம், அங்கே அதே மறதி ஓடரையே கெடுக்கும்.

சலுகை நிரந்தரமானதும் அல்ல. 2010 ஓகஸ்டில் இலங்கை அதை இழந்து 2017 மே மாதத்தில்தான் திரும்பப் பெற்றது. அமெரிக்கத் தீர்வை இன்னும் வேகமாக மாறக்கூடியது: 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத மேலதிகத் தீர்வை அறிவிக்கப்பட்டது, ஜூலையில் 30 என்றார்கள், ஓகஸ்டில் 20ஆக நடைமுறைக்கு வந்தது. 800 டொலருக்கு உட்பட்ட பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கும் அதே ஓகஸ்ட் 29 அன்று நிறுத்தப்பட்டது. அமெரிக்காவுக்கு விலை சொல்லும் நாளிலும், கப்பலேற்றும் நாளிலும் வீதத்தைப் புதிதாகப் பாருங்கள்.

ஹம்பர்க்கில் இறங்கியபின் துறைமுகக் கையாளல், அங்குள்ள சுங்க முகவர், கடைவரை வாகனம் எல்லாம் சேர்த்து 600 டொலர் என்று எடுப்போம். கப்பல்கூலி 240தானே என்று நினைத்தவர்கள் திகைக்கும் இடம் இது. சேர்ப்புச் சரக்கில் இறங்கு துறைச் செலவு கப்பல்கூலியை விடக் கூடுதலாக வருவது சாதாரணம். கப்பல்கூலியை மிகக் குறைவாகச் சொல்லும் முகவர், மீதியை அங்கே வாங்குபவரிடம் எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே முகவரிடம் கப்பல்கூலியை மட்டும் கேட்காமல், இறங்கு துறைக் கட்டணப் பட்டியலையும் எழுத்தில் கேளுங்கள்.

ஆக மொத்தம் 3,644 டொலர், செட்டுக்கு 30.37. இதோடு 19 வீதப் பெறுமதிசேர் வரியும் இறக்குமதியில் கட்டவேண்டும். பதிவு செய்த வணிகர் அதைத் திரும்பப் பெறுவார் என்பதால் அது அவருக்குச் செலவல்ல, கொஞ்ச நாள் முடங்கும் காசு.

கடைக்காரர் தன் வாடகைக்கும் ஊழியருக்கும் இலாபத்துக்குமாக இதை 2.2ஆல் பெருக்குகிறார் என்று கொள்வோம்: 66.81. தட்டில் ஒட்டும் விலையில் 19 வீத வரியும் சேரவேண்டும்: 79.51. ஏறத்தாழ 80 டொலர்.

வாங்குபவர் 70க்கு மேல் விற்கமுடியாது என்றால்

உடனே விலையைக் குறைத்துவிடாதீர்கள், பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 70ஐ 1.19ஆல் வகுத்தால் 58.82, அதை 2.2ஆல் வகுத்தால் 26.74. கப்பல்கூலி, காப்புறுதி, இறங்கு துறைச் செலவு 860 டொலர், செட்டுக்கு 7.17. கழித்தால் 19.57. நம் விலை 23.20. இடைவெளி 3.63 டொலர், 290 வீதத்தில் 1,050 ரூபாய்க்கும் மேல். இதைப் பின்னல் கூலியிலிருந்து எடுக்க நினைத்தால் பின்னுபவர் கூலியில் பாதிக்குக் கிட்டப் போய்விடும். அது நியாயமும் அல்ல, அந்தக் கூலிக்கு அதே தரத்தில் கூடை வரவும் வராது.

இடைவெளி பெரும்பாலும் இருப்பது எண்ணிக்கையில். ஓடரை 240 செட்டாக்கினால் கொழும்புச் செலவு 66,000இலிருந்து 78,000 அளவுக்குத்தான் ஏறும், செட்டுக்கு 325. அடக்கம் 4,825, விலை 22.18 டொலர். கப்பல்கூலி 480, காப்புறுதி 40, இறங்கு துறைச் செலவு 800 என்றால் செட்டுக்கு 5.50. கடையில் சேரும்போது 27.68, தட்டில் 72.47. உங்கள் 25 வீத இலாபமும் கூலியும் அப்படியே இருக்க, விலை 7 டொலர் இறங்கிவிட்டது. மீதி இரண்டரை டொலரைப் பற்றிப் பேசலாம்: கூடைகளின் அளவைச் சற்றுக் குறைத்து ஒரு பெட்டியில் கூடுதல் செட் அடுக்கலாமா, அல்லது அவர் பெருக்கும் 2.2இல் கொஞ்சம் விடுவாரா என்று. கணக்கைத் திறந்து காட்டினால் பல வாங்குபவர்கள் எண்ணிக்கையைக் கூட்டவே விரும்புவார்கள். அவர்களுக்கும் இது தெரிந்த கணக்குத்தான்.

இரண்டு கோரிக்கைகளுக்கு மட்டும் இணங்காதீர்கள். ஒன்று, எல்லாத் தீர்வையும் வரியும் உட்பட வாசலில் கொண்டுவந்து தரும் விலை, டி.டி.பி. என்பது. அதில் ஜேர்மன் இறக்குமதி வரியும் உங்கள் பொறுப்பாகிவிடும். அங்கே பதிவில்லாத நீங்கள் அதைத் திரும்பப் பெறுவது கடினம். வாங்குபவருக்குச் செலவாகாத 19 வீதம் உங்களுக்குச் செலவாகும். மற்றது, விலைச்சிட்டையில் தொகையைக் குறைத்து எழுதித் தரச் சொல்வது. அங்கே சுங்கம் பிடித்தால் தண்டம் அவருக்கு. இங்கே சுங்கப் பிரகடனத்தில் உள்ள தொகையும் வங்கிக்கு வந்த பணமும் பொருந்தாவிட்டால் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்.

விலைக்கூற்றில் எழுதவேண்டியவை

விலையோடு இடத்தையும், செலவும் பொறுப்பும் எதுவரை யாருடையவை என்று சொல்லும் இன்கோடேர்ம்ஸ் விதியையும் எழுதுங்கள். "கொழும்பு, இன்கோடேர்ம்ஸ் 2020" என்று இல்லாத 23.20 எதையும் குறிக்காது. சேர்ப்புச் சரக்கைக் களஞ்சியத்தில் கையளித்துவிடுவதால், கப்பலில் ஏற்றும்வரை நீங்கள் பொறுப்பேற்கும் எஃப்.ஓ.பி.யை விட, கையளிப்பதோடு பொறுப்பு முடியும் எஃப்.சி.ஏ. கொழும்பு என்று எழுதுவதே பொருத்தம். களஞ்சியத்தில் சேதமானால் யார் பொறுப்பு என்ற வாக்குவாதம் அதில் எழாது.

120 செட்டுக்கு ஒரு விலை, 240க்கு இன்னொரு விலை என்று இரண்டையும் தாருங்கள். பெட்டியின் வெளி அளவு, பெட்டிக்கு எத்தனை செட், மொத்தக் கன மீட்டர், எடை, எச்.எஸ். குறியீடு ஆகியவற்றையும் சேருங்கள். வாங்குபவர் தன் முகவரிடம் கேட்டு விலையைச் சரிபார்க்க இவைதான் வேண்டும். விலை 30 நாட்களுக்குச் செல்லும், ஓடரோடு 50 வீதம், மீதி கப்பலேற்றுமுன் என்று எழுதுங்கள். உறுதிசெய்த நாளுக்கும் கப்பலேற்றும் நாளுக்கும் இடையில் டொலர் வீதம் 4 வீதத்துக்கு மேல் எந்தப் பக்கம் மாறினாலும் வித்தியாசத்தை இருவரும் பாதிப்பாதி ஏற்பதாக ஒரு வரி இருக்கட்டும். வீதம் எந்த நாளினது, யாருடைய கொள்வனவு வீதம் என்பதையும் அந்த வரியிலேயே குறிப்பிடுங்கள். இறக்குமதித் தீர்வையும் வரிகளும் வாங்குபவருடையவை, கப்பலேற்றியபின் தீர்வை மாறினால் விலை மாறாது என்பது கடைசி வரி.